முதல் பக்கத்து எண்ணும் மூன்றாம் பக்கத்து அட்டவணையும்

எங்கள் சித்தப்பாவின் ஸ்லீப் ஸ்டடி ரிப்போர்ட் வந்த அன்று வீட்டில் எல்லோரும் முதல் பக்கத்தோடு நின்றுவிட்டார்கள். அங்கே கொட்டை எழுத்தில் 26.5 என்று இருந்தது. பக்கத்திலேயே ‘மிதமானது’ என்று ஒரு குறிப்பு. “முப்பதுக்கு மேல போனாத்தான் கடுமையாம், நமக்கு மிதம்தான்” என்று சித்தப்பாவே தீர்ப்பு சொல்லி ரிப்போர்ட்டைப் பீரோவில் வைக்கப் போனார். அதைப் பிடுங்கி மூன்றாம் பக்கத்தைப் புரட்டிக் காட்ட வேண்டியிருந்தது. விஷயம் அங்கேதான் இருந்தது.

ஆளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல்லில் மளிகைக் கடை. வயது ஐம்பத்தாறு. கழுத்துச் சுற்றளவு 42 சென்டிமீட்டர். ரத்த அழுத்தத்துக்கு மூன்று விதமான மாத்திரை போட்டும் அழுத்தம் இறங்கவில்லை. மத்தியானம் கல்லாவில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். வாடிக்கையாளர் மேசையைத் தட்டினால் விழிப்பார். குறட்டைக்கு வீடே பழகிவிட்டது. சித்தி பயந்தது சத்தத்துக்கு அல்ல, சத்தம் நின்றுபோவதற்கு. “ஒரு நிமிசம் பேச்சு மூச்சு இல்லாமக் கெடப்பாருடா, நான் தோளைப் பிடிச்சு உலுக்குவேன், அப்புறம் ஒரு பெரிய சத்தத்தோட மூச்சு வாங்குவாரு” என்பார். நெஞ்சக மருத்துவர் இதைக் கேட்டதும் எட்டுக் கேள்விகள் உள்ள ஒரு தாளை நீட்டினார். குறட்டை, பகல் சோர்வு, மூச்சு நிற்பதை யாராவது பார்த்தது, ரத்த அழுத்தம், உடற்பருமன், ஐம்பது தாண்டிய வயது, 40 சென்டிமீட்டருக்கு மேல் கழுத்து, ஆண் என்பது. பருமன் ஒன்று நீங்கலாக ஏழுக்கும் ‘ஆம்’. மதுரைக்குப் போய் ஒரு ராத்திரி படுத்து வரச் சொல்லிவிட்டார்.

போவதற்கு முந்தைய தயாரிப்பு சின்ன விஷயம் மாதிரித் தெரியும். பாதிச் சோதனை அங்கேதான் கெடுகிறது. தலையில் எண்ணெய் கூடாது என்பதுதான் முதல் விதி. நம் ஊர்க்காரருக்கு இது பெரிய தண்டனை. ஷாம்பு போட்டுக் குளித்துவிட்டு, காயவைத்து, தேங்காய் எண்ணெய் தொடாமல் போக வேண்டும். மண்டைத் தோலில் ஒட்டும் மின்முனைகள் மில்லிவோல்ட்டைவிடப் பல மடங்கு சிறிய மின்னலைகளைப் பிடிப்பவை. நடுவில் எண்ணெய்ப் படலம் இருந்தால் அவை பிடிபடாது. பெண்கள் பூ வைத்துக்கொண்டு போகக் கூடாது, நகப்பூச்சை ஒரு விரலிலாவது அழித்துவிட வேண்டும். ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பின் ஒளி நகத்தை ஊடுருவ வேண்டும். மத்தியானத்துக்கு மேல் காபி, டீ வேண்டாம். அன்றைக்கு மட்டும் பகல் தூக்கம் கிடையாது. கல்லாத் தூக்கத்தைத் தடுக்கச் சித்தி கடையிலேயே போய் உட்கார்ந்துகொண்டார்.

மாத்திரை விஷயத்தில் நிறையப் பேர் தாமாகவே ஒரு முடிவெடுத்துவிடுகிறார்கள். டெஸ்டுக்குப் போகிறோம் என்று பிரஷர் மாத்திரையையும் சுகர் மாத்திரையையும் நிறுத்திவிட்டுப் போவது. அப்படிச் செய்யக் கூடாது. டாக்டர் நிறுத்தச் சொன்னதைத் தவிர எல்லாவற்றையும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டு, பட்டியலைக் கையில் கொண்டுபோக வேண்டும். தூக்க மாத்திரை போடுகிறவர்கள் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சில மருந்துகள் கனவுத் தூக்கத்தைக் குறைக்கும், சில தொண்டைத் தசையைத் தளர்த்தும். சாராயப் பழக்கமும் அப்படித்தான்.

வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைகளில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறவர்கள் இதில் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். பகலில் தூங்கிப் பழகிய உடம்பை ராத்திரி பத்து மணிக்குப் படுக்க வைத்து அளந்தால் தூக்கமே வராது, கணக்கும் சரியாக இருக்காது. அவரவர் வழக்கமாகத் தூங்கும் நேரத்தில்தான் சோதனை நடக்க வேண்டும். பதிவு செய்யும்போதே ஷிப்ட் நேரத்தைச் சொல்லி, பகலில் செய்ய முடியுமா என்று கேட்டுவிடுவது நல்லது.

அறை லாட்ஜ் அறை மாதிரிதான் இருந்தது. கட்டில், ஏ.சி., கூரை மூலையில் இருட்டிலும் பார்க்கும் கேமரா, தலைமாட்டில் ஒரு சின்னப் பெட்டி. சித்தப்பா லுங்கியும் முன்பக்கம் பட்டன் வைத்த சட்டையும் போட்டுக்கொண்டார். வயர்களை வைத்துக்கொண்டு பனியனைத் தலைவழியாகக் கழற்ற முடியாது. சொந்தத் தலையணையையும் கொண்டுபோயிருந்தார்.

டெக்னீஷியன் ஒரு இளைஞர். வயர் மாட்ட முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. முதலில் அளவு நாடாவால் மூக்குத் தண்டின் மேலிருந்து பிடரி மேடு வரையும், காதுக்குக் காதும் அளந்து மண்டையில் பென்சிலால் குறி வைத்தார். அந்தந்த இடத்துத் தோலைச் சொரசொரப்பான ஜெல்லால் தேய்த்துவிட்டு, பசை வைத்து மின்முனையை ஒட்டினார். முன்மண்டை, உச்சி, பின்மண்டை என மூன்று பகுதிகள். காதுக்குப் பின்னாலுள்ள எலும்பு அவற்றுக்கு ஒப்பீட்டுப் புள்ளி. கண்களின் ஓரத்தில் ஒவ்வொன்று, தாடைக்குக் கீழே, இரண்டு முழங்கால்களுக்கும் கீழே முன்பக்கம், நெஞ்சில் இசிஜிக்கு. மூக்குக்குள் சின்னக் குழாய், அதன் மேலேயே காற்றின் சூட்டைப் பார்க்கும் இன்னொரு சென்சார். நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டை, வயிற்றைச் சுற்றி ஒரு பட்டை. விரலில் கிளிப்.

“இத்தனையும் மாட்டுனா தூக்கம் எப்படித் தம்பி வரும்?” என்றார் சித்தப்பா.

“எல்லாரும் இதைத்தாங்கய்யா கேப்பாங்க. கொஞ்ச நேரத்துல குறட்டை விட்டுருவாங்க” என்றார் அவர். மீசை மேல் டேப் ஒட்டவில்லை என்பதுதான் அவருடைய கவலை. கன்னத்தோடு சேர்த்து இரண்டு பக்கமும் இழுத்து ஒட்டினார்.

விளக்கை அணைப்பதற்கு முன்னால் பக்கத்து அறையிலிருந்து ஸ்பீக்கரில் கட்டளைகள் வந்தன. கண்ணை மூடுங்க. திறங்க. தலையை ஆட்டாம இடப்பக்கம் பாருங்க, வலப்பக்கம் பாருங்க. அஞ்சு தடவை இமைங்க. பல்லைக் கடிங்க. குறட்டை விடுற மாதிரிச் சத்தம் போடுங்க. மூச்சைப் பிடிங்க. வலது கால் பெருவிரலை மடக்குங்க. வெளியே உட்கார்ந்திருந்த எங்களுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ராத்திரி முழுக்கத் திரையில் ஓடப்போகும் ஒவ்வொரு கோடும் எந்த உறுப்பைப் பேசுகிறது என்பது அந்த ஐந்து நிமிடத்தில்தான் உறுதியாகிறது. பல்லைக் கடிக்கச் சொல்லும்போது தாடைக்கோடு துடிக்கவில்லை என்றால் அப்போதே எழுப்பி மறுபடி ஒட்ட வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ள முடியாது.

ஒன்பது ஐம்பதுக்கு விளக்கு அணைந்தது. காலை ஐந்து மணிக்கு எரிந்தது. இடையில் ஒரு தடவை சிறுநீர் கழிக்க எழுந்தார். அதற்குப் பெரிய சடங்கு ஒன்றும் இல்லை. “தம்பி” என்று குரல் கொடுத்தால் போதும், அவர் வந்து எல்லா வயரும் சேரும் பெட்டியை மட்டும் கழற்றிக் கழுத்தில் மாட்டி அனுப்புவார். இரண்டு மணி வாக்கில் டெக்னீஷியன் உள்ளே போய் மூக்குக் குழாயைச் சரிசெய்துவிட்டு வந்தார். திரையில் மூக்குக் காற்றின் கோடு நேர்க்கோடாகிவிட்டது. மூச்சு நின்றுவிட்டதா, குழாய் நழுவிவிட்டதா? அவர் பார்த்தது மற்ற கோடுகளை. சூடு பார்க்கும் சென்சார் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, ஆக்சிஜன் அசையவில்லை. ஆகவே குழாய்தான். உண்மையாகவே மூச்சு நின்றால் இரண்டு கோடுகளும் சேர்ந்து படுக்கும். பத்திலிருந்து முப்பது விநாடி கழித்து ஆக்சிஜன் சரியும். ரத்தம் நுரையீரலிலிருந்து விரல் நுனிக்கு வந்து சேர அவ்வளவு நேரம் பிடிக்கிறது.

ஏ.சி. எதற்கு என்பதற்கும் காரணம் உண்டு. நம் சமவெளிச் சூட்டில் நோயாளி வியர்த்தால் மண்டையின் மின்முனைகளில் மெதுவான பெரிய அலைகள் தோன்றும். ஆழ்ந்த தூக்கத்தின் அலைகளும் மெதுவானவை, பெரியவை. கவனிக்காமல் போனால் புழுக்கத்தில் புரண்டவருக்கு அருமையான ஆழ்தூக்கம் என்று ரிப்போர்ட் வரும்.

காலையில் வயரைக் கழற்றியதும் ரிசல்ட் கிடைக்கும் என்று நினைத்துப் போக வேண்டாம். பதிவை முப்பது முப்பது விநாடிகளாக நறுக்கி, ஒவ்வொன்றையும் ஒரு பக்கமாகப் பார்க்கிறார்கள். சித்தப்பாவின் ராத்திரி 430 நிமிடம். அதாவது 860 பக்கங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் இவர் விழித்திருக்கிறாரா, லேசான தூக்கமா, நடுத் தூக்கமா, ஆழ்தூக்கமா, கண் உருளும் கனவுத் தூக்கமா என்று முத்திரை குத்த வேண்டும். பிறகு மறுபடி முதலிலிருந்து வந்து மூச்சுக் கோளாறுகளைக் குறிக்க வேண்டும். கம்ப்யூட்டர் தானாகவும் குறிக்கும். ஆனால் ஆள் உட்கார்ந்து சரிபார்த்த ரிப்போர்ட்டா என்று கேட்பதில் தப்பில்லை.

எதைக் கோளாறு என்று எண்ணுகிறார்கள்? காற்று ஏறக்குறைய முழுதாக, அதாவது தொண்ணூறு சதவீதமாவது, பத்து விநாடிக்குக் குறையாமல் நின்றால் அது மூச்சு நிறுத்தம். முழுதாக நிற்காமல் முப்பது சதவீதமாவது குறைந்து, அதோடு ஆக்சிஜன் மூன்று சதவீதம் இறங்கினாலோ மூளை ஒரு கணம் விழித்தாலோ அது மூச்சுக் குறைவு. நிறுத்தத்திலும் இரண்டு வகை. நெஞ்சும் வயிறும் காற்றுக்காகப் போராடிக்கொண்டிருக்க, ஒன்று உப்பும்போது மற்றது ஒடுங்க, மூக்கில் மட்டும் காற்றில்லை என்றால் தொண்டை அடைத்திருக்கிறது. நெஞ்சும் வயிறும்கூட அசையாமல் கிடந்தால் மூச்சு விடு என்ற உத்தரவே மூளையிலிருந்து வரவில்லை. இரண்டுக்கும் மருத்துவம் வேறு. வயிற்றைச் சுற்றிப் பட்டை கட்டுவது இதைப் பிரிக்கத்தான்.

சித்தப்பாவுக்குத் தொண்டை அடைத்து நின்றவை 41, மூளையின் உத்தரவு வராமல் நின்றவை 4, இரண்டும் கலந்தவை 3, மூச்சுக் குறைவுகள் 90. கூட்டினால் 138. அவர் உண்மையில் தூங்கியது 312 நிமிடம், அதாவது 5.2 மணி. 138ஐ 5.2ஆல் வகுத்தால் 26.5. முதல் பக்கத்துக் கொட்டை எழுத்து இதுதான். மணிக்கு ஐந்துக்குக் கீழே என்றால் பெரியவர்களுக்குப் பிரச்சினை இல்லை என்று கணக்கு; ஐந்திலிருந்து பதினைந்து வரை லேசு, முப்பது வரை மிதம், அதற்கு மேல் கடுமை.

இப்போது மூன்றாம் பக்கத்துக்கு வருவோம். அங்கே அதே 138ஐ வேறு விதமாகப் பிரித்துப் போட்டிருந்தார்கள். மல்லாந்து படுத்துத் தூங்கியது 168 நிமிடம். அதில் 118 கோளாறுகள். ஒருக்களித்துத் தூங்கியது 144 நிமிடம். அதில் வெறும் 20. மணிக் கணக்கில் மல்லாந்தால் 42, ஒருக்களித்தால் 8. மல்லாந்த மனிதர் ‘கடுமை’, ஒருக்களித்த மனிதர் ‘லேசு’, இருவரையும் கூட்டிச் சராசரி எடுத்தால் ‘மிதம்’. ராத்திரி முழுக்க அவர் சுவர்ப்பக்கமே திரும்பிப் படுத்திருந்தால் லேசு என்று எழுதி அனுப்பியிருப்பார்கள். மல்லாந்தால் நாக்கும் தொண்டையின் மென்சதையும் எடையால் பின்னுக்குச் சரிந்து வழியை அடைக்கின்றன. அதனால்தான் நல்ல டெக்னீஷியன் கொஞ்ச நேரமாவது மல்லாந்து படுக்கச் சொல்கிறார்.

அடுத்த பிரிவு இன்னும் முக்கியம். கனவுத் தூக்கத்தில் அவர் இருந்தது மொத்தமே 42 நிமிடம். அதில் 38 கோளாறுகள், மணிக்கு 54. மற்றத் தூக்கம் 270 நிமிடத்தில் 100; மணிக்கு 22. கனவு காணும்போது நாம் எழுந்து ஓடாமலிருக்க உடம்பின் தசைகளையெல்லாம் மூளை தளர்த்தி வைக்கிறது. தொண்டையைத் திறந்து பிடித்திருக்கும் தசைகளும் அதில் தளர்ந்துபோகின்றன. அவருடைய மிக நீண்ட நிறுத்தம், 52 விநாடி, விடியற்காலைக் கனவுத் தூக்கத்தில்தான் வந்தது. ஆக்சிஜன் 78க்கு இறங்கியதும் அப்போதுதான். சித்தி தோளை உலுக்கும் நேரமும் பெரும்பாலும் விடியற்காலைதான் என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது. கனவுத் தூக்கம் ராத்திரியின் பின்பாதியில் குவிகிறது.

நல்ல தூக்கத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் கனவுத் தூக்கம் இருக்கும். இவருக்கு ஏழில் ஒரு பங்குகூட வரவில்லை. புது இடம், வயர், கேமரா. முதல் ராத்திரி யாருக்குமே தூக்கம் கொஞ்சம் கெடும் என்பது 1960களிலிருந்தே ஆய்வாளர்களுக்குத் தெரிந்த விஷயம். ஆகவே வீட்டில் அவருடைய நிலைமை 26.5ஐவிட மோசமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இதையே திருப்பிப் பாருங்கள். ஒருவருக்கு ரிப்போர்ட்டில் எண் நான்கு என்று வந்து, மூன்றாம் பக்கத்தில் மல்லாந்த நேரமும் கனவுத் தூக்கமும் கிட்டத்தட்ட இல்லையென்றால், அவருக்கு வியாதி இல்லை என்று அந்த ரிப்போர்ட் சொல்லவில்லை. பார்க்க வேண்டிய நேரத்தை அது பார்க்கவே இல்லை.

தொண்ணூறுக்குக் கீழே ஆக்சிஜன் இருந்த நேரம் என்று இன்னொரு வரி இருக்கும். சித்தப்பாவுக்கு 46 நிமிடம். எண்ணிக்கை ஒன்றாக இருந்தும் ஒருவருக்கு ஒவ்வொரு நிறுத்தமும் பத்து விநாடியில் முடியலாம், இன்னொருவருக்கு ஐம்பது விநாடி இழுக்கலாம். முதல் பக்கத்து எண்ணில் இரண்டும் ஒன்றுதான். இந்த வரியில்தான் வித்தியாசம் தெரியும். இதிலும் கிளிப் நழுவினால் ஆக்சிஜன் திடீரென்று அறுபதுக்கு விழுந்து அடுத்த நொடியே ஏறும். உண்மையான சரிவு அப்படிச் செங்குத்தாக விழாது. சரிந்து இறங்கி, மூச்சு வாங்கியதும் ஏறும். வரைபடத்தைக் கேட்டு வாங்கினால் நாமே பார்த்துவிடலாம்.

வீட்டிலேயே மாட்டிக்கொள்ளும் சின்னக் கருவியால் இதைச் செய்திருக்கலாமே என்று கடைப் பக்கத்து நண்பர் ஒருவர் கேட்டார். குறட்டையும் பகல் தூக்கமும் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது, இதய, நுரையீரல் நோய் வேறு இல்லாதவருக்கு, அது ஒத்துக்கொள்ளப்பட்ட வழிதான். செலவும் குறைவு. ஆனால் அதில் பெரும்பாலும் மண்டை வயர் கிடையாது. ஆள் எப்போது தூங்கினார் என்று அதற்குத் தெரியாது. பதிவான நேரம் முழுவதாலும் வகுக்கும். சித்தப்பாவின் 138ஐ 5.2க்குப் பதில் 430 நிமிடத்தால், அதாவது ஏழு மணி பத்து நிமிடத்தால் வகுத்தால் 19. ஆக்சிஜன் இறங்காமல் மூளை விழிப்பை மட்டும் வைத்து எண்ணிய மூச்சுக் குறைவுகள் அவருக்கு 22; அவையும் அந்தக் கருவிக்குத் தெரியாது. அவற்றைக் கழித்தால் 16. அதே மனிதர், அதே ராத்திரி. வீட்டுக் கருவியில் பெரிய எண் வந்தால் நம்பலாம். அறிகுறி பலமாக இருந்து சின்ன எண் வந்தால் லேபுக்குப் போக வேண்டியதுதான். மூன்று சதவீத இறக்கத்துக்குப் பதில் நான்கு சதவீதத்தை அளவுகோலாக வைக்கும் லேப்களும் உண்டு. இரண்டு ரிப்போர்ட்டுகளை ஒப்பிடும் முன் அடிக்குறிப்பில் எந்த விதி என்று பாருங்கள்.

முதல் இரண்டு மணி நேரத்திலேயே மணிக்கு நாற்பது வீதம் வந்துவிட்டால் அதே ராத்திரி மீதி நேரத்தில் சிபாப் முகமூடியை மாட்டி அழுத்தம் பார்ப்பார்கள். ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981இல் எழுதிய வழி அது. காற்றை லேசான அழுத்தத்தில் மூக்கு வழியே செலுத்தித் தொண்டை மூடாமல் தாங்குவது. சித்தப்பாவுக்கு முன்பாதியில் அவ்வளவு வரவில்லை, அதனால் இன்னொரு ராத்திரி போக வேண்டியிருந்தது. நான்கு சென்டிமீட்டர் நீர் அழுத்தத்தில் ஆரம்பித்து, குறைந்தது ஐந்து நிமிடம் பொறுத்து, ஒவ்வொரு சென்டிமீட்டராக ஏற்றினார்கள். ஒருக்களித்திருக்கும்போது ஏழிலேயே அடங்கிவிட்டது. அங்கேயே நிறுத்தியிருந்தால் மல்லாந்த கனவுத் தூக்கத்துக்கு அது போதாமல் போயிருக்கும். அந்த நேரம் வரும்வரை காத்திருந்து பார்த்ததில் பதினொன்றில்தான் குறட்டையும் நின்றது, எண்ணும் மூன்றாகியது. மீசை வழியாகக் காற்றுக் கசிந்ததால் முகமூடியை ஒரு தடவை மாற்றினார்கள். மீசையை எடுக்கச் சொல்வார்களோ என்று அவர் பயந்தது நடக்கவில்லை.

இப்போது வீட்டில் மெஷின் தினமும் காலையில் ஒரு எண்ணைக் காட்டுகிறது. ஒருநாள் 1.8 என்று காட்டியதை அவர் எனக்குப் போன் போட்டுச் சொன்னார். அது எத்தனை மணி நேரத்துக்கு என்று கேட்டேன். மூன்று மணி நேரம் இருபது நிமிடம். இரண்டு மணிக்கு மூக்கு வறண்டு, முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறார். மெஷின், தான் ஓடிய நேரத்தைக் கொண்டுதான் வகுக்கும். அவர் அதைக் கழற்றிய பிறகு வந்த விடியற்காலை அதன் கணக்கில் இல்லை. இப்போது மெஷினோடு சேரும் ஈரப்பதத் தொட்டியில் தண்ணீர் ஊற்றி வைக்கிறார். போனில் முதலில் மணியைச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் எண்ணைச் சொல்கிறார்.